வலி எப்போது வரும்? நஞ்சுக்கொடி போடும் கணக்கு

பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் புலம்பல் இது: “காலையிலேயே வலிக்கு டிரிப் போட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் வலியே பிடிக்கல. கடைசியில ஆபரேஷன்தான்.” அதே வார்டில், அதே மருந்தை அதே அளவில் ஏற்றிக்கொண்ட இன்னொரு பெண்ணுக்கு மதியத்துக்குள் சுகப்பிரசவம் ஆகியிருக்கும். மருந்தும் அளவும் ஒன்றாக இருக்க, பலன் மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

அந்த டிரிப்பில் இருப்பது ஆக்சிடோசின். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இயல்பாக வெளிவரும் ஹார்மோனைத்தான் ஆய்வகத்தில் செய்து மருந்தாகத் தருகிறார்கள். பிரசவ வலியைத் தொடங்கிவைப்பதே இந்த ஹார்மோன்தான் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது பாதி உண்மைதான். கருப்பை பக்குவப்பட்டிருந்தால்தான் ஆக்சிடோசினின் பேச்சு அதன் காதில் ஏறும். அந்தப் பக்குவத்தை நான்காம் மாதத்திலிருந்தே நஞ்சுக்கொடியும் குழந்தையும் சேர்ந்து உண்டாக்குகின்றன.

பொறுப்பு கைமாறும் நாட்கள்

கருத்தரித்த முதல் சில வாரங்களில் கர்ப்பத்தைத் தாங்கி நிற்பது தாயின் சினைப்பை. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் நிறத் திசு அங்கிருந்து புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வீட்டில் சிறுநீர்ச் சொட்டு விட்டுப் பார்க்கும் பரிசோதனை அட்டையில் கோடு விழச் செய்யும் எச்.சி.ஜி. ஹார்மோன், அந்தத் திசு வாடிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. எச்.சி.ஜி. 8 முதல் 10 வாரங்களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கிவிடும். அதற்குள் நஞ்சுக்கொடி தானே புரோஜெஸ்டிரோனைச் செய்யக் கற்றிருக்கும்.

இந்தக் கைமாற்றம் எப்போது நடக்கிறது என்பதை 1970-களில் அர்பாட் சாபோ என்ற ஆய்வாளர் காட்டினார். சினைப்பையின் அந்த மஞ்சள் திசுவை 7 வாரத்துக்கு முன் அகற்றினால் கரு கலைந்தது. 9 வாரத்துக்குப் பின் அகற்றினால் கர்ப்பம் தொடர்ந்தது. அதற்குள் நஞ்சுக்கொடி பொறுப்பேற்றிருந்ததே காரணம்.

அதற்குப் பிறகு நஞ்சுக்கொடியின் உற்பத்தி ஏறிக்கொண்டே போகும். சினைப்பை நாளொன்றுக்குச் செய்த புரோஜெஸ்டிரோன் சுமார் 25 மில்லிகிராம் என்றால், மாதம் நிறைந்த நஞ்சுக்கொடி செய்வது 250 மில்லிகிராமுக்கும் மேல். அதற்கான மூலப்பொருள் தாயின் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரால். கர்ப்பிணியின் ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரிவது அதனால் இயல்பே.

இத்தனை புரோஜெஸ்டிரோன் எதற்கு? கருப்பை என்பது தசையால் ஆன பை. உள்ளே ஏதாவது வளர்ந்து அதை விரித்தால், சுருங்கி வெளியே தள்ளுவது தசையின் குணம். அந்தக் குணத்தை மாதக்கணக்கில் அடக்கி வைப்பது புரோஜெஸ்டிரோன். கருப்பையின் வாயை நீளமாகவும் இறுக்கமாகவும் வைத்திருப்பதும் அதுவே. ஐந்தாம் மாத ஸ்கேனில் கருப்பைவாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், இரவில் வைத்துக்கொள்ள 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் மாத்திரையை மருத்துவர்கள் எழுதித் தருவது இந்தக் கணக்கில்தான். குறைப்பிரசவ ஆபத்தை அது ஓரளவு குறைக்கிறது.

தாயின் சர்க்கரையில் குழந்தைக்குப் பங்கு

இரண்டாம் மூன்று மாதங்களில் நஞ்சுக்கொடி இன்னொரு ஹார்மோனையும் பெருமளவில் சுரக்கத் தொடங்கும். நஞ்சுக்கொடி லாக்டோஜென் என்று அதற்குப் பெயர். நஞ்சுக்கொடி பெருக்கப் பெருக்க இதன் அளவும் ஏறும். நஞ்சுக்கொடியே சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் ஒன்றும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இவற்றின் விளைவாகத் தாயின் உடலில் இன்சுலினின் வேகம் மட்டுப்படும். சாப்பிட்ட பின் சர்க்கரை உடனே தாயின் தசைகளுக்குள் போய்விடாமல் ரத்தத்தில் சற்றுக் கூடுதல் நேரம் நிற்கும். அந்த நேரத்தில் குழந்தை தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

பெரும்பாலான தாய்மார்களின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து இதை ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதவர்களுக்கு வருவதுதான் கர்ப்பகால நீரிழிவு. 24 முதல் 28 வாரங்களுக்குள் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்வதற்கு இதுவே காரணம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடப்பது எளிய முறை: 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். சாப்பிட்டு வந்தாலும் வெறும் வயிறாக இருந்தாலும் பரவாயில்லை. 2 மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்ளப்படும். தொலைதூரத்திலிருந்து பட்டினியோடு வர முடியாத பெண்களை மனதில் வைத்து இந்த முறையை வலியுறுத்தியவர் சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா. முதல் பரிசோதனையில் சரியாக இருந்தவர்களும் ஆறாம் மாதத்தில் மறுபடி குடிக்க வேண்டியிருப்பது ஏன் என்று பலர் அலுத்துக்கொள்வதுண்டு. முதல் பரிசோதனை நடந்தபோது நஞ்சுக்கொடி இந்த அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை.

பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியே வந்ததும், அதுவரை இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த தாய்க்கு அதன் தேவை சட்டென்று விழுந்துவிடும். சர்க்கரையை ஏற்றிக்கொண்டிருந்தது யார் என்பது அப்போது வெளிப்படையாகத் தெரியும்.

இருவர் சேர்ந்து செய்யும் ஈஸ்ட்ரோஜென்

புரோஜெஸ்டிரோன் கருப்பையை அடக்குகிறது என்றால், அதைத் தயார்ப்படுத்துவது ஈஸ்ட்ரோஜென். கருப்பைத் தசை தடிக்கவும், கடைசி வாரங்களில் சுருங்கத் தேவையான கருவிகள் அதில் சேரவும் ஈஸ்ட்ரோஜென் வேண்டும். நஞ்சுக்கொடியால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. இடையில் வேண்டிய ஒரு நொதி அதனிடம் இல்லை. அந்த இடத்தில் குழந்தை உதவிக்கு வருகிறது.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் அட்ரினல் சுரப்பிகள் உடலின் அளவைப் பார்க்கையில் மிகப் பெரியவை. அவை டி.எச்.இ.ஏ. சல்பேட் என்ற பொருளை ஏராளமாகச் செய்கின்றன. குழந்தையின் கல்லீரல் அதைச் சற்றே மாற்றுகிறது. தொப்புள்கொடி வழியே நஞ்சுக்கொடிக்கு வந்ததும் அங்கே சல்பேட் கழற்றப்பட்டு, எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜெனாக மாறித் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. ஸ்டாக்ஹோமில் எகோன் டிஷ்ஃபலூசி நடத்திய ஆய்வுகளுக்குப் பிறகு குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் ஒரே ஹார்மோன் பட்டறையின் இரு பிரிவுகளாகப் பார்க்கும் வழக்கம் வந்தது.

இந்தக் கூட்டு எங்கே உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. சல்பேட்டைக் கழற்றும் நொதி பிறவியிலேயே இல்லாத ஆண் குழந்தைகள் உண்டு; சில ஆயிரம் பேரில் ஒருவர் அப்படிப் பிறக்கிறார். குழந்தை மூலப்பொருளை அனுப்பினாலும் நஞ்சுக்கொடியால் அதைப் பயன்படுத்த முடியாது. தாயின் எஸ்ட்ரியால் மிகக் குறைவாக இருக்கும். இப்படிப்பட்ட சில கர்ப்பங்களில் நாள் கடந்தும் வலி வருவதில்லை, கருப்பைவாய் இளகுவதில்லை, ஆக்சிடோசின் ஏற்றினாலும் கருப்பை சரியாக அசைந்துகொடுப்பதில்லை. குழந்தை மற்றபடி நலமாகவே பிறக்கும். சில மாதங்களில் அதன் தோல் மீன் செதிலைப் போல வறண்டு உரியத் தொடங்கும்போதுதான் பிரசவம் ஏன் தாமதமானது என்பது பல வீடுகளில் தெரியவரும்.

நாளைக் குறிப்பது யார்?

1960-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் இந்தக் கேள்வியைச் செம்மறி ஆடுகளிடம் கொண்டுபோனார். கருவில் இருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை அழித்தால் தாய் ஆடு நாள் கடந்தும் ஈனவில்லை. மாறாக, குட்டிக்குக் கார்டிசால் வகை ஹார்மோனைச் செலுத்தினால் நாளுக்கு முன்பே ஈன்றது. ஆகவே ஆட்டில் பிரசவ நாளைக் குறிப்பது குட்டி.

அந்த ஆய்வில் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. மருந்து பெற்று மிக முன்னதாகப் பிறந்த ஒரு குட்டி, பிழைக்க முடியாத வயதிலும் மூச்சு விட்டது. அதன் நுரையீரல் முன்கூட்டியே முதிர்ந்திருந்தது. 1972-ல் லிக்கின்ஸும் ராஸ் ஹோவியும் வெளியிட்ட மனித ஆய்வு அங்கிருந்துதான் பிறந்தது. இன்று 34 வாரத்துக்கு முன் வலி கண்ட பெண்ணுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போடுகிறார்களே, அந்த ஊசியின் பூர்வீகம் இதுவே.

மனிதர்களிடம் கதை கொஞ்சம் வேறு. ஆட்டில் ஈனும் முன் புரோஜெஸ்டிரோன் சரிந்துவிடும். பெண்ணின் ரத்தத்திலோ நஞ்சுக்கொடி வெளியேறும்வரை அது உச்சத்திலேயே நிற்கிறது. ஆனால் கருப்பைத் தசையில் அந்த ஹார்மோனை ஏற்கும் புரதங்களின் விகிதம் மாறிவிடுகிறது. ஹார்மோன் இருந்தும், கருப்பை அதன் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது.

இந்த மாற்றத்தைத் தூண்டுபவற்றில் ஒன்றாகக் கருதப்படுவது சி.ஆர்.எச். என்ற ஹார்மோன். மூளையில் இது சுரந்தால் கார்டிசால் ஏறும். ஏறிய கார்டிசால் திரும்பிவந்து சி.ஆர்.எச்.-ஐக் குறைக்கும். நஞ்சுக்கொடியும் இதே ஹார்மோனைச் சுரக்கிறது, ஆனால் அங்கே விதி தலைகீழ். கார்டிசால் ஏற ஏற நஞ்சுக்கொடியின் சி.ஆர்.எச். இன்னும் ஏறும். கடைசி வாரங்களில் அது செங்குத்தாக உயர்வதற்கு இதுவே காரணம். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் ரோஜர் ஸ்மித்தின் குழு 1995-ல் வெளியிட்ட ஆய்வில், பிற்பாடு குறைப்பிரசவமான பெண்களுக்கு 16 முதல் 20 வாரத்திலேயே இந்த அளவு கூடுதலாக இருந்தது. நாள் கடந்து பெற்றவர்களுக்குக் குறைவாக இருந்தது. அப்படியானால் இந்தப் பரிசோதனையைச் செய்து பிரசவ நாளைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆளுக்கு ஆள் அளவு மிகவும் வேறுபடுவதால் தனி ஒரு பெண்ணுக்கு இதை வைத்து நாள் சொல்ல முடிவதில்லை.

கருப்பையின் தயாரிப்பு

கடைசி வாரங்களில் கருப்பையில் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. முதலாவது, ஆக்சிடோசினை ஏற்கும் புரதங்கள் தசை அணுக்களின் மேல் பல மடங்கு பெருகுகின்றன. ரத்தத்தில் ஆக்சிடோசின் அவ்வளவாகக் கூடாமலேயே கருப்பைக்கு அது உறைக்கத் தொடங்குவது இதனால்தான்.

இரண்டாவது, அணுவுக்கும் அணுவுக்கும் இடையே நேரடித் தொடர்பு வழிகள் திறக்கின்றன. அதற்கு முன் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தசை இறுகித் தளரும். வயிறு கல்லாகி, சற்று நடந்தாலோ படுத்தாலோ சரியாகிவிடும் இதைச் சூட்டு வலி, பொய் வலி என்கிறோம். வழிகள் திறந்தபின் ஓரிடத்தில் கிளம்பிய துடிப்பு கருப்பை முழுக்கப் பரவும். வடத்தை ஆளுக்கொரு பக்கமாக அசைத்துக்கொண்டிருந்த கூட்டம் ஒரே குரலுக்கு இழுத்தால் தேர் நகர்வதைப் போல, அப்போதுதான் குழந்தை கீழே இறங்கும்.

மூன்றாவது, புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் பனிக்குடச் சவ்விலும் கருப்பையிலும் பெருகி, கருப்பைவாயை இளக்கி மெல்லியதாக்குகின்றன.

இந்த மூன்றும் இல்லாமல் ஆக்சிடோசின் மட்டும் என்ன செய்யும், ஆக்சிடோசின் இல்லாமல் இந்த மூன்றும் என்ன செய்யும் என்பதை எலிகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆக்சிடோசினே சுரக்காதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகள் நாள் தவறாமல் குட்டி போட்டன. அவற்றால் பால் மட்டும் கொடுக்க முடியவில்லை. மடியில் பால் இருந்தும் அது இறங்கவில்லை. ஆனால் ஒரு வகைப் புரோஸ்டாகிளாண்டினை ஏற்கும் புரதம் இல்லாத எலிகளுக்குப் பிரசவமே தொடங்கவில்லை. ஆக்சிடோசின் கொடுத்தும் பயனில்லை. எலி வேறு, பெண் வேறு. ஆனாலும் ஆக்சிடோசின் தனியாளாகப் பிரசவத்தை நடத்துவதில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

தயாரான கருப்பையில் அதன் பங்கு பெரியது. குழந்தையின் தலை கருப்பைவாயை அழுத்தும். அழுத்தம் நரம்பு வழியே மூளைக்குப் போகும். மூளை ஆக்சிடோசினைச் சிறு சிறு வீச்சாக விடும். கருப்பை சுருங்கித் தலையை இன்னும் அழுத்தும். குழந்தை வெளியே வரும்வரை இந்தச் சுற்று வலுத்துக்கொண்டே போகும். நேரம் ஆக ஆக வலி நெருங்கி வருவது இதனால்தான். பொய் வலியில் இந்தச் சுற்று தொடங்குவதில்லை. எனவே அது நெருங்கவும் செய்யாது, வலுக்கவும் செய்யாது.

டிரிப்புக்குத் திரும்புவோம்

பிட்யூட்டரிச் சாறு கருப்பையைச் சுருக்கும் என்பதை ஹென்றி டேல் 1906-ல் பூனையில் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆனது. அதைச் செயற்கையாகச் செய்துகாட்டிய வின்சென்ட் டூ விக்னோவுக்கு 1955-ல் நோபல் பரிசு கிடைத்தது. அன்றிலிருந்து இன்றுவரை வலியைத் தூண்ட முதன்மையான மருந்து அது. அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஒரு மாதிரிக் கணக்காகப் பார்ப்போம்.

முதல் பிரசவம். 41 வாரம் முடிந்தும் வலி இல்லை. மருத்துவர் உள்பரிசோதனை செய்து ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்: கருப்பைவாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு சுருங்கி மெலிந்திருக்கிறது, எவ்வளவு இளகியிருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. எட்வர்ட் பிஷப் 1964-ல் வகுத்த இந்த அளவுகோலில் மொத்தம் 13. இந்தப் பெண்ணுக்கு 1 சென்டிமீட்டர் திறப்பு, பாதி மெலிவு. மற்ற மூன்றிலும் பூஜ்யம். மொத்தம் 2. இந்நிலையில் டிரிப் ஏற்றினால், தொடக்கத்தில் சொன்ன புலம்பல்தான் மிஞ்சும்.

எனவே முதலில் புரோஸ்டாகிளாண்டின் ஜெல் வைக்கிறார்கள். நஞ்சுக்கொடியும் குழந்தையும் இன்னும் செய்து முடிக்காத பக்குவத்தை அது முடித்துத் தர வேண்டும். ஜெல் வைத்து 6 மணி நேரமாவது கழியாமல் ஆக்சிடோசின் ஏற்றக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் கருப்பை அளவுக்கு மீறிச் சுருங்கிவிடும். மறுநாள் காலை கருப்பைவாய் 3 சென்டிமீட்டர் திறந்து, நன்றாக மெலிந்து, இளகியிருக்கிறது. மதிப்பெண் 8.

இப்போது டிரிப். அரை லிட்டர் திரவத்தில் 2.5 யூனிட் ஆக்சிடோசின். நிமிடத்துக்கு 10 சொட்டில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை 10 சொட்டு கூட்டுகிறார்கள். 10 நிமிடத்தில் மூன்று வலி, ஒவ்வொன்றும் 40 வினாடிக்கு மேல் என்ற நிலை வந்ததும் கூட்டுவதை நிறுத்துகிறார்கள். இந்தப் பெண்ணுக்கு 40 சொட்டில் அது வந்துவிட்டது. எட்டிய வேகத்திலேயே டிரிப்பை வைத்துக்கொண்டு, செவிலியர் வயிற்றில் கை வைத்து வலியை எண்ணுகிறார். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிறார்.

கை வைத்து எண்ணுவது வெறும் சடங்கல்ல. கருப்பை சுருங்கும்போது நஞ்சுக்கொடிக்கு வரும் ரத்தம் தடைபடும். தளரும் இடைவெளியில்தான் குழந்தைக்கு ஆக்சிஜன் நிரம்பும். 10 நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் அந்த இடைவெளி போதாது. 110 முதல் 160 வரை இருக்க வேண்டிய துடிப்பு இறங்கத் தொடங்கும். அப்போது டிரிப்பை நிறுத்தி, தாயை இடப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். ஆக்சிடோசின் சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால் கருப்பை விரைவில் தளர்ந்துகொடுக்கும். ஊசியாக ஒரேயடியாகப் போடாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதன் நோக்கம் இதுவே: வேண்டாதபோது நிறுத்த முடிய வேண்டும். குழந்தை பிறக்கும் முன் “வலிக்கு ஊசி” என்று தசையில் போடுவது இந்தக் கட்டுப்பாட்டைக் கைவிடுவது. கருப்பை கிழியும் அபாயம் அதில் உண்டு. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குத் தையல் போட்ட இடம் பிரியும் ஆபத்து டிரிப்பிலும் உண்டு என்பதால், அவர்களுக்குத் தருவதா வேண்டாமா என்பதை நிறைய யோசித்தே முடிவெடுப்பார்கள்.

ஆகவே வலிக்கு டிரிப் போடலாம் என்று சொல்லும் மருத்துவரிடம் குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை மணிக்குப் பிறக்கும்?” என்பதல்ல. “கருப்பைவாய் பக்குவமாக இருக்கிறதா, மதிப்பெண் எவ்வளவு?” என்பதுதான்.

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் அதே ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் ஊசியாகப் போடப்படுகிறது. இப்போது கருப்பை விடாமல் இறுகினால் நல்லதே; நஞ்சுக்கொடி பிரியும், ரத்தப்போக்கு குறையும். வெளியே வந்த அரைக் கிலோ நஞ்சுக்கொடியைச் செவிலியர் தட்டில் விரித்து, துண்டு ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பார். விடுபட்டால் உதிரப்போக்கும் கிருமித்தொற்றும் வரலாம். இன்னொன்றும் நடக்கலாம்: பால் சுரப்பு தாமதமாகலாம். நஞ்சுக்கொடி போனதும் புரோஜெஸ்டிரோன் விழ வேண்டும். அது விழுந்தால்தான் மார்பில் பால் பெருகும். மூன்று நான்கு நாள் கடந்தும் பால் கட்டவில்லை, கூடவே உதிரம் அதிகமாகப் போகிறது என்றால், தாயின் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய ஒரு துண்டு நஞ்சுக்கொடி இன்னும் கர்ப்பத்தை நடத்திக்கொண்டிருக்கலாம்.